கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

பி.எட். மாணவி ஒருவர் பள்ளிப் பயிற்சிக்காக எழுதிய முதல் விரிவான பாடத்திட்டம் இது. ஆறாம் வகுப்புக் கணிதம், வேற்றினப் பின்னங்களின் கூட்டல், 45 நிமிடம். ‘கற்றல் நோக்கங்கள்’ என்ற தலைப்பின் கீழே ஐந்து வரிகள் எழுதியிருந்தார்.

மாணவர்கள் பின்னங்களைப் பற்றி அறிந்துகொள்வர். வேற்றினப் பின்னங்களின் கூட்டலை நன்கு புரிந்துகொள்வர். தாள் மடிப்பின் மூலம் பின்னங்களை மாணவர்களுக்கு விளக்குதல். பின்னங்களை அன்றாட வாழ்வில் பயன்படுத்துவர். கணிதத்தில் ஆர்வம் பெறுவர்.

படித்தால் குறை ஒன்றும் தெரியாது. ரெக்கார்டு நோட்டில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். சீனியர்களின் நோட்டிலிருந்து அடுத்த ஆண்டுக்காரர்களின் நோட்டுக்கு இதே வரிகள் போய்க்கொண்டும் இருக்கின்றன. ஆனால் வகுப்பு முடிந்து மணி அடித்ததும், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைக் காட்டி, “இவன் ‘நன்கு புரிந்துகொண்டானா’ இல்லையா, எதை வைத்துச் சொல்வீர்கள்?” என்று கேட்டால் இந்த ஐந்து வரிகளால் பதில் சொல்ல முடியாது. தலையாட்டினான், கூட்டத்தோடு சேர்ந்து “புரிஞ்சுது மிஸ்” என்றான் என்பதைத் தவிர ஆசிரியையின் கையில் எதுவும் இல்லை.

அந்தப் பையனைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வைக்கிற வாக்கியத்தைத்தான் அளவிடக்கூடிய நோக்கம் என்கிறோம். இந்தச் சிந்தனைக்கு வயது எழுபதுக்கும் மேல். பாடம் எழுதுவதற்கு முன் மாணவரிடம் என்ன மாற்றம் வர வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் எழுதினார். 1962இல் ராபர்ட் மேகர் அதை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார். மாணவர் என்ன செய்வார்? எந்தச் சூழ்நிலையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு செய்வார்? எந்த அளவுக்குச் செய்தால் போதும்? செயல், நிபந்தனை, அளவு என்று இன்று பி.எட். வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான்.

மூன்றும் எளியவைதான். ஆனால் முதல் பாடத்திட்டம் எழுத உட்காரும்போது இவற்றிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வினைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் அழகாக இருக்கிறது என்று தேடினால் நோக்கம் வராது, அலங்காரம்தான் வரும். முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். மதிப்பீடு என்ற பகுதியில், பாடம் முடியும் முன் மாணவர் தனியாகச் செய்ய வேண்டிய கேள்விகளை எழுதுங்கள். அந்தக் கேள்விகளுக்கு விடையளிக்கும்போது மாணவரின் கை என்ன செய்கிறது, வாய் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் தேடும் வினைச்சொல் அதுதான்.

இந்த மாணவியையும் அப்படித்தான் உட்கார வைத்தோம். “வேற்றினப் பின்னக் கூட்டல் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது என்று எப்போது நம்புவாய்?” என்று கேட்டதும், “1/4, 2/3 கொடுத்தால் கூட்டிட்டா போதும் சார்” என்றார். அப்படியே எழுதச் சொன்னோம். மூன்று கணக்குகள் வந்தன.

1/4 + 2/3
1/5 + 3/10
1/4 + 1/6

இந்த மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். முதலாவதில் 4க்கும் 3க்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. இரண்டையும் பெருக்கினால் பொதுப் பகுதி 12 வந்துவிடும். இரண்டாவதில் 10 என்பது 5இன் மடங்கு. ஒரு பின்னத்தை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவதில் பெருக்கினால் 24 வரும், ஆனால் 12 போதும். மூன்று கணக்கும் முதல் வகையிலேயே இருந்தால், பகுதிகளைப் பெருக்கும் தந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்ட மாணவரும், மீச்சிறு பொது மடங்கைக் கண்டு செய்பவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

இப்போது நோக்கம் தானாக வருகிறது: “பகுதிகள் வேறாகவும் 12க்கு மேற்படாமலும் உள்ள இரண்டு தகு பின்னங்களைத் தந்தால், மாணவர் அவற்றைப் பொதுப் பகுதிக்கு மாற்றிக் கூட்டி எழுதுவார், மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக இருக்கும்.” கூட்டி எழுதுவார் என்பது செயல். பகுதிகள் வேறு, 12க்கு மேற்படாது என்பது நிபந்தனை. மூன்றில் இரண்டு என்பது அளவு.

நிபந்தனையைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது. 12க்கு மேற்படாது என்று எழுதாவிட்டால், யாரோ ஒருவர் 7/18 + 5/24 கேட்டுவிடலாம். அப்போது சோதனைக்கு உள்ளாவது பின்னம் பற்றிய அறிவு அல்ல, வாய்ப்பாடு. கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதியிருக்குமா, பின்னப் பட்டைகள் கையில் இருக்குமா என்பதும் நிபந்தனையில் சேரும். பட்டையை வைத்துச் செய்வதும் வெறும் எண்களைக் கொண்டு செய்வதும் வேறு வேறு திறன்கள். பட்டையை வைத்துக் கற்பித்துவிட்டு, தாளில் பட்டை இல்லாமல் கேட்பது புதுப் பயிற்சி ஆசிரியர்கள் அடிக்கடி செய்வது. மாணவர் தடுமாறினால் குற்றம் அவருடையது அல்ல.

அளவு என்ற இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். “80 சதவீதம் சரியாக” என்று எல்லா நோக்கங்களுக்கும் ஒட்டிவிடுவார்கள். வேற்றினப் பின்னம் என்றால் என்ன என்று சொல்வதில் 80 சதவீதம் என்றால் என்ன பொருள்? வகுப்பில் 80 சதவீத மாணவர்களா, ஒவ்வொருவருக்கும் 80 சதவீத மதிப்பெண்ணா? இரண்டும் வேறு. மூன்று கணக்கு கொடுத்தால் 80 சதவீதம் என்ற மதிப்பெண்ணே வராது. எண்ணிக்கை பொருந்துகிற இடத்தில் மட்டும் எண்ணிக்கை போடுங்கள். மற்ற இடத்தில் விடையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

கேள்வியின் வகையும் அளவை மாற்றிவிடும். சரியா தவறா என்று ஐந்து கேள்வி கொடுத்து, ஐந்தில் நான்கு போதும் என்று வைத்தால், ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் குறிக்கிற மாணவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தேறிவிடுவார். 32 விதமான குறிப்புகளில் 6 விதம் அந்த அளவைத் தொட்டுவிடுகின்றன என்பதுதான் கணக்கு. கூட்டி எழுதச் சொல்லும்போது இந்த ஆபத்து மிகவும் குறைவு.

இன்னொரு சிக்கல், சுருங்கிய வடிவம். 1/4 + 1/6 என்ற கணக்குக்கு ஒரு மாணவி 10/24 என்று எழுதுகிறாள். சரியா, தவறா? கூட்டல் சரி. 5/12 என்று சுருக்கவில்லை, அவ்வளவுதான். “கூட்டிச் சுருக்கி எழுதுவர்” என்று ஒரே நோக்கத்தில் இரண்டு வினைகளைக் கோத்துவிட்டால், இவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் போகும். சுருக்குதல் வேறு திறன். அதற்கு வேறு நோக்கம் எழுதலாம், அல்லது இந்தப் பாடத்தில் சுருக்காத விடையையும் ஏற்கலாம். எதுவாக இருந்தாலும் வகுப்புக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாடத்தில் 10/24 ஏற்கப்படும் என்று மாணவி ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

இனி அவருடைய முதல் வரைவுக்கு வருவோம். “நன்கு புரிந்துகொள்வர்” என்ற வரியை அடித்தபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “அப்போ புரிஞ்சுக்கிறது முக்கியமில்லையா சார்? கணக்கைப் போட்டுட்டா போதுமா?”

போதாது. புரிந்துகொள்ளுதல் முக்கியம் என்பதால்தான் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது; அது வெளியே எப்படித் தெரியும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பின்னக் கூட்டலில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்கிற மிகப் பழகிய தவறு, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவார்கள். அந்தத் தவறையே கேள்வியாக்கலாம். “ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். இந்த விடை ஏன் பொருந்தாது? ஒரு வாக்கியத்தில் அல்லது ஒரு படத்தில் காட்டு.”

2/5 என்பது 1/2ஐ விடச் சிறியது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, பாதியை விடக் குறைந்துபோவது எப்படி? இதைச் சொல்லும் குழந்தை, அல்லது ஒரு செவ்வகத்தை ஆறு கட்டமாகப் பிரித்து மூன்றையும் இரண்டையும் நிழலிட்டு ஐந்து கட்டத்தைக் காட்டும் குழந்தை, விதியை மனப்பாடம் செய்த குழந்தையிடமிருந்து வேறுபட்டு நிற்கிறது. ஆகவே இரண்டாவது நோக்கம்: “தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிப் பெற்ற தவறான விடை ஒன்றைத் தந்தால், அது ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு வாக்கியத்திலோ படத்திலோ காரணம் காட்டுவார், காரணத்தில் பின்னங்களின் அளவு ஒப்பிடப்பட்டிருக்கும்.” ‘வாத்தியார் சொன்னார்’, ‘பகுதியைக் கூட்டக் கூடாது’ என்று எழுதினால் ஏற்பதில்லை, அது விதியைத் திருப்பிச் சொல்வது.

‘புரிந்துகொள்வர்’ என்ற சொல்லைப் பாடத்திட்டத்தில் எழுதவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அது தேவையற்ற கெடுபிடி. பல கல்லூரிகளின் படிவத்தில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று பொது நோக்கங்கள் தலைப்புகளாக நிற்கும். அவற்றின் கீழே சிறப்பு நோக்கங்களை எழுத வேண்டும். தலைப்பில் புரிதல் இருக்கலாம். அதன் கீழே, புரிந்தவர் என்ன செய்வார் என்ற வரி இல்லாவிட்டால்தான் தவறு.

‘இனங்காண்பர்’, ‘வேறுபடுத்துவர்’ போன்ற சொற்களில் இன்னொரு நுட்பம். பட்டியல்களில் இவை நல்ல வினைச்சொற்களாகவே இருக்கும். ஆனால் இனங்காண்பது மனதுக்குள் நடக்கிறது. நமக்குத் தெரிவது அதன் அடையாளம் மட்டும். மேகர் இதற்குச் சொல்லும் வழி, மனதில் நடப்பதை வெளியே காட்டும் எளிய செயலைச் சேர்த்து எழுதுவது. ‘வேற்றினப் பின்னச் சோடிகளை வட்டமிட்டு இனங்காண்பர்’ என்றால் சந்தேகம் தீர்ந்தது. அந்தச் செயல் எல்லோருக்கும் ஏற்கெனவே கைவந்ததாக இருக்க வேண்டும். வட்டமிடத் தெரியாத குழந்தை கிடையாது. ‘கட்டுரை எழுதி இனங்காண்பர்’ என்றால் எழுத்துத் திறமையும் நடுவில் வந்து நின்றுவிடும்.

முதல் வரைவின் முதல் வரி, “பின்னங்களைப் பற்றி அறிந்துகொள்வர்”. இந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புதிதல்ல. ஓரினப் பின்னங்களைக் கூட்டவும் சமான பின்னங்களை எழுதவும் முன்பே கற்றிருக்கிறார்கள். எனவே அந்த வரி நோக்கம் என்ற தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டு முன்னறிவு என்ற தலைப்புக்குப் போனது. அங்கும் செயலாகவே எழுதினோம்: “1/3க்குச் சமமான, பகுதி 12 உள்ள பின்னத்தை எழுதுவர்.” முதல் ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்டு, பாதிப் பேருக்கு வரவில்லை என்றால், அன்றைக்குக் கூட்டலுக்குப் போவதில் பயனில்லை, சமான பின்னமே அன்றைய பாடம்.

மூன்றாவது வரி, “தாள் மடிப்பின் மூலம் விளக்குதல்”, ஆசிரியர் செய்வது. அது கற்பித்தல் முறை என்ற கட்டத்துக்கு உரியது. “மாணவர்கள் தாளை மடிப்பர்” என்று மாற்றினாலும் நோக்கம் ஆகாது. மடிப்பது வழி, மடித்த பிறகு என்ன செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வி. ‘குழுவாக விவாதிப்பர்’, ‘காணொலியைப் பார்ப்பர்’ ஆகியவையும் இந்த ரகம்தான். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: பாடம் முடிந்த மறுநாள் அந்த வாக்கியத்தை மாணவரிடம் மறுபடியும் கேட்க முடியுமா? ‘மறுபடியும் கூட்டிக் காட்டு’ எனலாம். ‘மறுபடியும் காணொலியைப் பார்’ என்று சொல்வதில் எதுவும் தெரியவராது.

நான்காவது வரியில் உள்ள ‘பயன்படுத்துவர்’ என்ற சொல் பெஞ்சமின் புளூம் குழுவினரின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டிலிருந்து வருகிறது. அந்த வகைப்பாட்டை 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்று இன்று எல்லாப் பயிற்சிக் கல்லூரிச் சுவரிலும் தொங்குகிற ஆறு படிகள் அவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வினைச்சொல் பட்டியலும் கூடவே புழங்குகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து, உயர்ந்த படியில் உள்ள சொல்லைப் போட்டால் உயர்ந்த நோக்கம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. படியை முடிவு செய்வது வினைச்சொல் மட்டும் அல்ல; மாணவர் அந்தக் கேள்வியை முன்பு பார்த்திருக்கிறாரா என்பதும்தான்.

கரும்பலகையில் 1/2 + 1/3 போட்டுக் காட்டிவிட்டு, கடைசியில் அதே 1/2 + 1/3ஐக் கேட்டால், நோக்கத்தில் ‘பயன்படுத்துவர்’ என்று எழுதியிருந்தாலும் நடப்பது நினைவுகூர்தல். தவறான விடைக்குக் காரணம் காட்டும் கேள்வியிலும் இதே ஆபத்து உண்டு. 2/5 ஏன் பொருந்தாது என்று பாடத்தின் நடுவில் ஆசிரியரே விளக்கிவிட்டால், பிறகு வரும் விடை அவருடைய விளக்கத்தின் நகல். எனவே நடத்தும்போது 2/5ஐ எடுத்துக்கொண்டு, சோதிக்கும்போது வேறொரு தவறை, 1/2 + 1/4 = 2/6 என்பதைக் கொடுக்கலாம் என்று மாணவி மாற்றிக்கொண்டார். கரும்பலகையில் போடும் எண்கள் எவை, தாளில் வரும் எண்கள் எவை என்று நோட்டில் தனித்தனியாக எழுதிவைப்பது நல்லது. வகுப்பில் சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த நேரத்தில் வாயில் வந்த எண்ணைப் போட்டுவிடுவோம்.

‘அன்றாட வாழ்வில்’ என்பது நீக்கப்பட்டது. அன்றாட வாழ்வை 45 நிமிடத்துக்குள் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு சூழல் கணக்கைச் சேர்க்கலாம்: “தொட்டியில் 1/3 பங்கு தண்ணீர் இருக்கிறது, இன்னும் 2/5 பங்கு நிரப்பினால் மொத்தம் எவ்வளவு?” இதை மூன்றாவது நோக்கமாக்க மாணவி ஆசைப்பட்டார். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று கூட்டலுக்குத் தலா இரண்டு நிமிடம், காரணம் எழுத மூன்று நிமிடம், ஆக ஒன்பது நிமிடம். தாள் கொடுத்து வாங்க ஒரு நிமிடம். முன்னறிவுக்கு ஐந்து. மீதி முப்பது நிமிடத்தில்தான் கற்பித்தல் முழுவதும். சூழல் கணக்கு அடுத்த நாளைக்குப் போனது. ஒரு பாடவேளைக்கு இரண்டு நோக்கம், மிஞ்சினால் மூன்று. ஏழு, எட்டு எழுதியிருக்கும் பாடத்திட்டத்தைப் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்கு மதிப்பீட்டுப் பகுதியில் கேள்வியே இருக்காது. வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் வழிகாட்டி ஆசிரியரும் முதலில் பார்ப்பது அதைத்தான்: ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோக்கம், இரண்டிலும் ஒரே வினை. நோக்கத்தில் ‘காரணம் காட்டுவர்’ என்று இருந்து, கேள்வி ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று இருந்தால் அங்கேயே வட்டம் போட்டுவிடுவார்.

கடைசி வரி, “கணிதத்தில் ஆர்வம் பெறுவர்”. இது உண்மையாகவே வேண்டும். மதிப்பும் மனப்பாங்கும் கல்விக்கு வெளியே உள்ளவை அல்ல. புளூம் குழுவினரே 1964இல் அவற்றுக்குத் தனி வகைப்பாடு வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே அளவிடும் வாக்கியமாக எழுதிவிட முடியாது, ஓவியம், இலக்கியம் போன்றவற்றில் எதிர்பாராமல் கிடைப்பதே பெரிது என்று எலியட் ஐஸ்னர் 1960களிலேயே வாதாடினார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஒரு கவிதையை ரசிப்பதற்கு ‘மூன்றில் இரண்டு’ என்று அளவு வைப்பது கவிதைக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. பின்னக் கூட்டலில் ஆர்வம் ஒரு பாடவேளையில் வந்ததா என்று தாளை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வரியைப் பருவம் முழுவதற்குமான நோக்கமாகத் தனியே எழுதிவைக்கச் சொன்னோம். அன்றைய இரண்டு நோக்கங்களோடு கலக்கவில்லை.

பாடம் நடந்தது. 32 தாள்கள் வந்தன. அவற்றைத் திருத்தி மதிப்பெண் போடும் முன் குவியலாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோக்கத்தைச் சரியாக எழுதியதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு நோக்கங்களையும் எட்டிய தாள்கள் 13. கூட்டல் சரி, காரணம் வரவில்லை என்றவை 11. கூட்டலே வராதவை 8. ‘புரிந்துகொள்வர்’ என்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் குவியல்களைப் பிரிப்பதற்கே வழி இருந்திருக்காது. நடுவில் உள்ள 11 பேரும் புரிந்துகொண்டவர்களாகவே எண்ணப்பட்டிருப்பார்கள்.

அந்த எட்டுத் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து, விடையை விட்டுவிட்டு இடையில் உள்ள வரிகளைப் படித்தார் மாணவி. இரண்டு பேர் மேலேயும் கீழேயும் கூட்டியிருந்தார்கள். மற்ற ஆறு பேரும் பொதுப் பகுதியைச் சரியாகக் கண்டிருந்தார்கள். ஆனால் 1/4 + 2/3ஐ 1/12 + 2/12 என்று எழுதி 3/12 என்று முடித்திருந்தார்கள். பகுதியை மாற்றியவர்கள் தொகுதியை மாற்றவில்லை. கூட்டலில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை, சமான பின்னத்தில்தான் சிக்கல். மறுநாள் பாடத்திட்டத்தின் முதல் நோக்கத்தை அவர் யாரையும் கேட்காமல் எழுதினார்: “ஒரு பின்னத்தையும் புதிய பகுதியையும் தந்தால், தொகுதியையும் அதே எண்ணால் பெருக்கிச் சமான பின்னத்தை எழுதி, இரண்டும் சமம் என்பதைக் கட்டப் படத்தில் நிழலிட்டுக் காட்டுவார், நான்கில் மூன்று சரியாக இருக்கும்.”